ஏழே கால் மணி நேரமும் ஒரு சார்ட் பேப்பரும்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு வந்த அன்று மாலையே அந்தப் பெண் கடைக்குப் போய் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரும் ஆறு நிற ஸ்கெட்ச் பேனாக்களும் வாங்கினாள். திருமங்கலத்தில் பிளஸ் டூ படிக்கிறவள். உயிரியல், கணக்கு எடுத்த குரூப். இயற்பியலில் எழுபதுக்கு முப்பத்தொன்று. அது அவளைச் சுட்டது. (பல பிள்ளைகளுக்கு நடந்ததைச் சேர்த்து ஒருத்தியின் கதையாகச் சொல்கிறேன். அதனால் அவளுக்குப் பெயர் இல்லை.)

இரவு பத்து மணிக்குள் டைம் டேபிள் தயார். காலை 4.30க்கு எழ வேண்டும். 4.45 முதல் 6.15 வரை இயற்பியல், பிறகு 7.15 வரை கணக்கு. எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் மாலை 5.15க்கு வீடு. 5.30 முதல் 7 வரை வேதியியல், 8 வரை உயிரியல், அரை மணி நேரம் சாப்பாடு. 8.30 முதல் 9.30 வரை ஒரு நாள் தமிழ், ஒரு நாள் ஆங்கிலம். அதன்பின் 10.45 வரை மறுபடியும் கணக்கு. கூட்டிப் பார்த்தால் ஏழே கால் மணி நேரம். இயற்பியல் கட்டத்துக்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம் என்று நிறம் தீட்டி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாள். அம்மா பார்த்துவிட்டு, “இதுல பாதி செஞ்சாலே போதும்” என்றார். அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த மதிப்பீடு, சுவரில் இருந்ததைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

திங்கட்கிழமை எல்லாக் கட்டமும் நிறைவேறியது. செவ்வாய்க்கிழமை இயற்பியல் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்குச் சார்ட்டில் கட்டம் இல்லை. வேதியியல் நேரத்தை எடுத்துக்கொண்டாள். விட்டுப்போன வேதியியலை இரவு கணக்கு நேரத்தில் வைத்தாள், கணக்கைப் பதினொன்றுக்கு மேல் தள்ளினாள். படுக்கும்போது பன்னிரண்டேகால். புதன்கிழமை அலாரம் அடித்தது தெரியவில்லை, எழுந்தது 5.50க்கு. இயற்பியல் போயிற்று. அதை மாலைக்குத் தள்ளினால் வேதியியல் மறுபடி போயிற்று. அன்று பார்த்து மாமா வீட்டார் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கட்டத்தில் எதைப் படிப்பது என்பதே குழம்பிவிட்டது. ஞாயிறன்று, “இனி திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக” என்று முடிவெடுத்து, அன்று முழுக்க ஒன்றும் படிக்கவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் சார்ட்டின் மேல் ஆணி அடித்துச் சீருடையை மாட்டியிருந்தாள்.

தான் சோம்பேறி என்று அவள் முடிவு செய்துகொண்டாள். வீட்டிலும் அதை யாரும் மறுக்கவில்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான டைம் டேபிள்களின் கதை முடிகிறது. தப்பு யாருடையது என்று ஆளைப் பார்த்துக் கேட்கிறோமே தவிர, தாளைப் பார்த்துக் கேட்பதில்லை.

இவள் விஷயத்தில் தாளைப் பார்த்தவர் பெரியப்பா. அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போ ஒன்றில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சீருடையை விலக்கிச் சார்ட்டை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஏம்மா, இயற்பியலுக்கு ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்க. எந்தக் கணக்குல போட்ட?”

“ஒரு பாடம் முடிக்க அவ்வளவு ஆகும் பெரியப்பா.”

“எந்தப் பாடத்த அப்படி முடிச்ச?”

அவளால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

“மதுரையிலருந்து ராஜபாளையம் போற வண்டிக்கு நாங்க நேரம் போட்டா, ஓட்டிப் பாத்த நேரத்தத்தான் போடுவோம். விடிகாலை ட்ரிப்புக்கு ஒரு நேரம், பள்ளிக்கூடம் விடுற நேரத்து ட்ரிப்புக்கு வேற நேரம். டி.கல்லுப்பட்டில கூட்டம் ஏறுறதுக்கும் நேரம் உண்டு. கடைசி ஸ்டாப்புல வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். டிரைவர் டீ குடிக்க மட்டும் இல்ல அது. இந்த ட்ரிப் லேட்டானாலும் அடுத்த ட்ரிப் லேட்டாகக் கூடாதுல்ல, அதுக்கு. நீ நிக்கிற நேரமே இல்லாம நாள் பூரா வண்டி விட்டிருக்க.”

அவர் சொன்னது இரண்டு குறைகள். ஒன்று, அளக்காமல் போட்ட நேரம். மற்றது, இடைவெளி இல்லாத அட்டவணை. இரண்டையும் உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் மனித இயல்பைத் ‘திட்டமிடல் பிழை’ என்று 1979இல் பெயரிட்டு எழுதியவர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர். கானமன் பின்னால் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இந்தப் பிழையை மாணவர்களிடமே சோதித்துப் பார்த்தவர்கள் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ். கனடாவில் நடந்த அந்த ஆய்வு 1994இல் வெளியானது. இறுதி ஆண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே மோசமாக நடந்தால்? ஏறத்தாழ 49 நாட்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாட்களுக்கு மேல். எல்லாம் கெட்டுப்போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கே போதவில்லை. சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாணவர்களும் முன்பு பல வேலைகளில் தாமதித்தவர்கள்தான் என்பது. அது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மதிப்பிடும்போது மனம் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. “முதலில் இதைச் செய்வேன், பிறகு அதைச் செய்வேன்” என்று முன்னே நடக்கப்போவதைப் படமாக ஓட்டிப் பார்க்கிறது. அந்தப் படத்தில் ரெக்கார்டு நோட்டும் மாமா வீட்டாரும் வருவதில்லை. பழைய தாமதங்களை வெறுமனே நினைவுபடுத்தினாலும் மதிப்பீடு பெரிதாக மாறவில்லை. அந்த அனுபவத்தை இந்த வேலையோடு பொருத்திச் சொல்லச் செய்தபோதுதான் மதிப்பீடு நிஜத்துக்கு அருகில் வந்தது. சும்மா “போன தடவை என்ன ஆச்சு பார்” என்று திட்டுவதால் பயன் இல்லாததற்கு இதுவே காரணம்.

பெரியப்பா அவளைப் புது டைம் டேபிள் போட விடவில்லை. ஒரு வாரம் எந்தத் திட்டமும் வேண்டாம், வழக்கம்போல இரு, ஆனால் நடப்பதை எழுது என்றார். ஒரு பழைய நோட்டில் மூன்று பத்திகள்: செய்த வேலை, ஆகும் என்று நினைத்த நேரம், ஆன நேரம். உட்காருமுன் இரண்டாவதை எழுத வேண்டும், எழுந்ததும் மூன்றாவதை. நினைத்த நேரத்தை முன்கூட்டியே எழுதாவிட்டால் பிறகு மனம் அதைத் திருத்திக்கொண்டுவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை.

அந்த நோட்டு சொன்னவற்றில் முதலாவது, நாளின் அளவு. மாலை 5.15க்கு வீட்டுக்கு வருகிறவள், குளித்து, காபி குடித்து, எதையாவது சாப்பிட்டு, புத்தகத்தைத் தொடும்போது மணி ஆறு பத்து. ஒரு நாள்கூட 5.30 இல்லை. அடுத்து, வீட்டுப்பாடம், ரெக்கார்டு, மறுநாள் சிலிப் டெஸ்ட் என்று பள்ளி கொடுக்கும் வேலைக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. சுவரில் இருந்த டைம் டேபிளில் அதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இவற்றையெல்லாம் கழித்தால் பள்ளி நாளில் அவள் சொந்தமாகப் படிக்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். சார்ட் கேட்டது ஏழே கால்.

இரண்டாவது, பாடத்தின் அளவு. இயற்பியலின் முதல் அலகான நிலைமின்னியலுக்கு அவள் எழுதிய மதிப்பீடு ஒன்றரை மணி நேரம். ஒரு முறை வாசிக்க ஆனது 50 நிமிடம். ஆனால் வாசித்தது முடித்ததாகாது. மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம், காஸ் விதியைக் கொண்டு நீண்ட கம்பியால் ஏற்படும் மின்புலம் என்று ஐந்து மதிப்பெண் கேள்விகளாக வரக்கூடிய ஆறு தருவித்தல்களைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தாள். படம் போட்டு, தவறி, திரும்பப் பார்த்து எழுத ஒவ்வொன்றுக்கும் சராசரி 25 நிமிடம். ஆறுக்கும் இரண்டரை மணி நேரம். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 25 நிமிடம். பயிற்சிக் கணக்குகளுக்கு ஒன்றரை மணி நேரம். சில நாள் கழித்து ஆறு தருவித்தல்களையும் மறுபடி எழுதிப் பார்க்க முக்கால் மணி நேரம். எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரம். நினைத்ததைப்போல நான்கு மடங்கு.

எல்லாப் பாடத்துக்கும் இந்த நான்கு மடங்கு பொருந்தவில்லை. கணக்கில் ஒரு பயிற்சிக்கு ஒரு மணி என்று நினைத்தது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. தமிழில் நினைத்ததும் ஆனதும் ஒன்று. எந்தப் பாடத்தைக் குறைவாகத் தொட்டாளோ அதன் மதிப்பீடுதான் அதிகம் பிசகியிருந்தது. அதனால், “எதுவானாலும் இரண்டு மடங்கு போட்டுக்கொள்” என்ற பொது அறிவுரை இவளுக்கு உதவியிருக்காது. கணக்குக்கு அதிகமாகவும் இயற்பியலுக்குப் பாதியாகவும் அமைந்திருக்கும்.

மூன்றாவதாக ஒன்றை அந்த நோட்டில் அவளே கண்டுபிடித்தாள். மின்னோட்டவியலில் கிர்க்காஃப் விதிக் கணக்குகளுக்கு எதிரே, “நினைத்தது 30 நிமிடம், ஆனது 70 நிமிடம், முடித்த கணக்கு ஒன்றும் இல்லை” என்று எழுதியிருந்தாள். மறுநாள் இடைவேளையில் ஆசிரியையிடம் கேட்டதில், மின்சுற்றைச் சுற்றி வரும்போது மின்னழுத்த வேறுபாட்டுக்கு எங்கே பிளஸ், எங்கே மைனஸ் போடுவது என்பதை இவள் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தது தெரிந்தது. கால் மணி நேர வேலை. புரியாத இடத்தை எந்த டைம் டேபிளும் தீர்க்காது. அங்கே தேவைப்படுவது ஆள். நேரத்தை மட்டும் எழுதாமல் முடித்த அளவையும் எழுதியதால்தான் இது வெளியே வந்தது.

இனி இடைவெளி. 1980களின் தொடக்கத்தில் டேனியல் கிர்ஷன்பாம் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலரை ஒவ்வொரு நாளுக்கும் நுணுக்கமாகத் திட்டம் போடச் சொன்னார்கள்; சிலரை மாதத்துக்கு மொத்தமாகப் போடச் சொன்னார்கள். நுணுக்கமான திட்டம்தான் வெல்லும் என்று யாரும் நினைப்போம். மாதத் திட்டம் போட்டவர்களே படிக்கும் பழக்கத்தில் முன்னே நின்றார்கள். நாள்வாரியான திட்டம் ஒரு நாள் தவறினாலே தோற்றதாகக் கணக்காகிவிடுகிறது. மாதத் திட்டத்தில் இன்று விட்டதை நாளை மறுநாள் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பிளஸ் டூ பிள்ளைக்கு மாதத் திட்டம் மிக நீளம் என்று நான் நினைக்கிறேன். சிலிப் டெஸ்ட் வாராவாரம் வருகிறதே. வாரத் திட்டம் பொருந்தும்.

அவளுக்கும் பெரியப்பாவுக்கும் வாரக் கணக்கு இப்படி வந்தது. பள்ளி நாள் ஐந்துக்கும் இரண்டு இரண்டு மணி, சனி ஞாயிறு ஐந்து ஐந்து மணி. மொத்தம் 20 மணி நேரம். இதில் புதன்கிழமை இரண்டு மணியையும் ஞாயிறு மதியம் இரண்டு மணியையும் எதுவும் எழுதாமல் காலியாக விட்டார்கள். மீதி 16 மணி. கணக்குக்கு 5, இயற்பியலுக்கு 4, வேதியியலுக்கு 3, உயிரியலுக்கு 2, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒவ்வொன்று.

காலி நேரத்தைப் பார்த்து அவள் அம்மாவுக்குத் தாங்கவில்லை. “நாலு மணி நேரம் சும்மாவா?” சும்மா இல்லை. விட்டுப்போனது எதுவானாலும் அந்த நான்கு மணிக்குள்தான் போக வேண்டும், அடுத்த நாளின் நேரத்தைத் தொடக்கூடாது என்பது விதி. அதிலும் இடம் போதாவிட்டால் விட்டுப்போனவற்றில் முக்கியம் குறைந்ததை அந்த வாரத்தோடு கைவிட வேண்டும். பழைய சார்ட்டில் செவ்வாய்க்கிழமை ரெக்கார்டு நோட்டு புதன், வியாழன், வெள்ளியையெல்லாம் சாய்த்தது. புதிய முறையில் அது புதன்கிழமைக் காலி நேரத்தோடு நின்றுவிடும்.

அப்போதுதான் ஒரு கசப்பான கணக்கும் வெளிப்பட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு இருந்தது பத்து வாரம். இயற்பியலுக்கு வாரம் 4 மணி என்றால் 40 மணி. அலகுக்கு ஆறு மணி என்றால் ஆறரை அலகுதான் வரும். புத்தகத்தில் இருப்பது பதினொன்று. பழைய டைம் டேபிள் இந்த உண்மையை மறைத்து வைத்திருந்தது. அதன்படி பார்த்தால் எல்லாமே முடியும்போல இருந்தது. எதை முழுதாகப் படிப்பது, எதை ஒரு முறை வாசித்து ஒரு மதிப்பெண் வினாக்களோடு நிறுத்துவது என்று அவள் இப்போது தேர்வு செய்தாக வேண்டும். இந்தத் தேர்வை அக்டோபரில் உட்கார்ந்து செய்வது நல்லது. செய்யாவிட்டால் டிசம்பரில் தேர்வுக்கு முதல் நாள் இரவு அதுவாகவே நடந்துவிடும்.

புதிய தாளில் மணி போடவில்லை. வேலையைத்தான் எழுதினாள். ‘இயற்பியல்’ என்று எழுதிய கட்டத்தின் முன் உட்காரும் பிள்ளை, எதைப் படிப்பது என்று தேடுவதிலேயே முதல் கால் மணியை இழக்கும். அதனால் ‘கணக்கு, பயிற்சி 2.5’, ‘மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றல், பார்க்காமல் எழுதுதல்’ என்று எழுதினாள். எப்போது தொடங்குவது என்பதைக் கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டினாள்: காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் பள்ளி வேலை, சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் கணக்கு. சாப்பாடு எட்டு மணிக்கு ஆனாலும் ஒன்பதுக்கு ஆனாலும் தட்டு கழுவுவது நடக்கும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சகா ஒருவரும் மாணவர்களை, கிறிஸ்துமஸ் முந்தின நாளை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான் அனுப்பினார்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10.45க்குப் படுத்து 4.30க்கு எழுந்தால் ஐந்தே முக்கால் மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே சற்றுப் பின்னால் தள்ளிப்போகிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இரவு தூக்கம் தாமதமாக வருவதும் விடியலில் எழ முடியாததும் உடம்பின் இயல்பு. நாலரை மணி அலாரம் தாத்தாவுக்குப் பொருந்தும். பேத்திக்குப் பொருந்தாது. அவள் 10.30க்குப் படுத்து 5.30க்கு எழத் தொடங்கினாள். ஏழு மணி நேரம் என்பதும் குறைவுதான். பள்ளிப் பேருந்தும் வீட்டுப்பாடமும் அதற்கு மேல் விடவில்லை.

தாள் சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர்கள் ஞாயிறுதோறும் பார்த்தது இரண்டு அடையாளங்களை. ஒரே வேலை வாரத்தில் இரண்டு மூன்று முறை தவறினால் அந்த வேலைக்குப் போட்ட இடமோ அளவோ தவறு. ஒரே நாளில் எல்லாமே தவறினால் அந்த நாளில் வெளியே ஏதோ நடந்திருக்கிறது. தாளை மாற்ற வேண்டியதில்லை. காலை வேளையில் வைத்த வேதியியல் சமன்பாடுகள் முதல் வாரம் மூன்று முறை தவறின. அவற்றைச் சனிக்கிழமைக்கு மாற்றி, காலையில் உயிரியல் படங்களை வைத்தாள். அது நின்றது.

அரையாண்டுக்குள் இயற்பியலில் ஆறு அலகுகளை முடித்தாள். ஏழாவது பாதியில் நின்றது. இரண்டு வாரங்களில் காலி நேரம் போதாமல் ஆங்கிலத்தைக் கைவிட்டாள். நவம்பரில் காய்ச்சலில் நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள், விட்ட இடத்திலிருந்து அந்த வாரத் தாளை எடுத்துத் தொடர்ந்தாள். முன்பு இதே அளவு தடங்கலுக்கு ஒரு சார்ட் முழுவதும் வீணாகியிருந்தது.

வீட்டுச் சுவரில் ஒரு டைம் டேபிள் மங்கிப்போய்த் தொங்கினால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அதில் உள்ள மணிகளைக் கூட்டிப் பாருங்கள். பள்ளி வேலைக்குக் கட்டம் இருக்கிறதா, காலி நேரம் இருக்கிறதா, தூக்கம் எத்தனை மணி என்று பாருங்கள். புதிய சார்ட் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஒரு வாரம், நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரமும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் இருங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் பிள்ளைகள் நோட்டில் உண்மையை எழுத மாட்டார்கள்.